டிரையல் கிளாஸ் எடுத்தாச்சு. பையனோட அம்மாவுக்கு என்னன்னு எழுதுறது?

உறையூர்_கணக்கு | 14 ஜூன் 2025, இரவு 9.40

இன்னைக்கு சாயங்காலம் ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்டுக்குப் போய் டிரையல் கிளாஸ் எடுத்துட்டு வந்தேன். ஆறாம் வகுப்புப் பையன், தனியார் பள்ளி. வாசல்லயே அவங்க அம்மா, "கணக்குல ரொம்ப வீக் மிஸ், நீங்கதான் பாத்துக்கணும்"னு சொல்லிட்டாங்க. பையன் பக்கத்துலதான் நின்னான். அவன் முகம் சுருங்கினது இப்பவும் கண்ணுல நிக்குது.

ஒரு மணி நேரத்துல பன்னிரண்டு கணக்கு போடச் சொன்னேன். ஏழு சரி. தப்பான அஞ்சும் இது:

618 ÷ 6 = 13
840 ÷ 4 = 21
4002 − 1756 = 3754
507 × 6 = 3402
"இருபதாயிரத்து முப்பத்தைந்து" எழுதச் சொன்னேன், 2035ன்னு எழுதினான்.

நாளைக்குள்ள அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல எழுதணும். நேரம், ஃபீஸ், பையன் எப்படி இருக்கான் மூணும் அதுல வரணும். நான் எழுதி வச்சிருக்கிறது:

"வணக்கம் அக்கா. தம்பி நல்ல புத்திசாலி. கணக்கில் அடிப்படை கொஞ்சம் பலவீனமாக உள்ளது. தொடர்ந்து வகுப்பு எடுத்தால் காலாண்டுக்குள் 90 மார்க் வாங்க வைத்துவிடலாம். வாரம் மூன்று நாள், மாதம் 2,400 ரூபாய். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்."

இதை அனுப்பலாமா? அப்பா கிளம்பும்போது "எத்தனை மாசத்துல தேறுவான்"னு கேட்டார். அதுக்காகத்தான் அந்த 90. வீட்டுக்குப் போய் எடுக்குறது எனக்கு இதுதான் முதல் தடவை. இதுவரைக்கும் பிள்ளைங்க என் வீட்டுக்குத்தான் வருவாங்க.

கொங்கு_ட்யூட்டர் | 14 ஜூன், இரவு 10.15

ஃபீஸை முதல் வரியில போடுங்க. கடைசியில போட்டா அவங்க அதை மட்டும் படிச்சுட்டு பேரம் பேசுவாங்க. மூணு மாச அட்வான்ஸ் கேளுங்க. நான் பத்து வருசமா இப்படித்தானுங்க வாங்கறேன், ஒருத்தர்கூட பாதியில நின்னதில்லை. டிரையலுக்கும் காசு வாங்கியிருக்கணும். போனது போகட்டும்.

பையனைப் பத்தி ரெண்டு வரி போதும். எந்தக் கணக்கு தப்புன்னு அம்மாவுக்கு எதுக்குங்க?

ரெண்டு_பிள்ளை_அம்மா | 15 ஜூன், காலை 6.50

எதுக்குன்னு நான் சொல்றேன். போன வருஷம் என் பெரியவளுக்கு மூணு பேர் டிரையல் எடுத்தாங்க. மூணு பேரும் ஒரே மாதிரி, "புத்திசாலி, அடிப்படை வீக், சரி பண்ணிடலாம்"னு அனுப்பினாங்க. யாரைச் சேர்க்கிறதுன்னு எப்படி முடிவு பண்றது? யாருக்கு ஃபீஸ் கம்மியோ அவங்களைச் சேர்த்தேன். வேற என்ன வழி இருந்துச்சு எனக்கு?

நோட்டுல அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அதைப் பார்த்தாலே, இந்த மிஸ் என் பிள்ளை பக்கத்துல உக்காந்து பார்த்திருக்காங்கன்னு தெரியும்.

இன்னொண்ணு. சாயங்காலம் அம்மா போன் பிள்ளை கையிலதான் இருக்கும். நீங்க அனுப்புறதை முதல்ல படிக்கிறது அவன்தான். "பலவீனம்"னு எழுதாதீங்க.

காரைக்குடி_வாத்தியார் | 15 ஜூன், காலை 8.30

அம்மா, நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து தவறுகளையும் திரும்ப ஒருமுறை பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பூஜ்ஜியம் இருக்கிறது, கேள்வியில் இல்லாவிட்டால் விடையில். சரியாகப் போட்ட ஏழில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லை என்றே நினைக்கிறேன்.

618 ÷ 6 எப்படி 13 ஆகிறது? ஆறில் ஆறு ஒரு தடவை. அடுத்து ஒன்றை இறக்குகிறான். ஒன்றில் ஆறு போகாது, ஆகவே எட்டையும் இறக்கிப் பதினெட்டு ஆக்குகிறான். மூன்று தடவை. அவன் செய்தது எல்லாமே சரி. "போகாது" என்ற இடத்தில் மேலே ஒரு பூஜ்ஜியம் வைக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்ததை இறக்கச் சொல்லித் தந்திருப்பார்கள், ஆனால் போகாத இடமும் ஓர் இடம் என்று யாரும் காட்டவில்லை.

4002 − 1756 கணக்கில் மேலே இருப்பது சிறியதாக இருந்தால் திருப்பிக் கழித்திருக்கிறான். ஆறிலிருந்து இரண்டு போக நான்கு, ஐந்திலிருந்து பூஜ்ஜியம் போக ஐந்து, அப்படியே 3754. கடன் வாங்கத் தெரியாதவனா? சரியாகப் போட்ட கணக்குகளில் கடன் வாங்கும் கழித்தல் ஒன்றாவது இருந்தால், தெரியும் என்று பொருள். பக்கத்து வீட்டில் ஒன்றுமில்லை, அதற்கடுத்த வீட்டிலும் ஒன்றுமில்லை என்கிறபோது யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

முப்பத்தொரு வருடம் நடுநிலைப்பள்ளியில் இருந்தேன். "கணக்கில் வீக்" என்று வீட்டில் சொல்லி அனுப்பும் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒரே ஓர் இடத்தில்தான் முள் குத்தியிருக்கும். அந்த இடத்தை அம்மாவுக்குச் சொல்லுங்கள். 90 வேண்டாம். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மார்க் சொல்லக்கூடாது. காலாண்டுக் கேள்வித்தாளைத் தயாரிக்கப் போவது நீங்கள் இல்லை.

உறையூர்_கணக்கு | 15 ஜூன், காலை 9.05

ஐயா, நோட்டை எடுத்துப் பார்த்தேன். சரியா போட்ட ஏழுல ஒண்ணுலகூட பூஜ்ஜியம் இல்லை. 7548 − 2369 போட்டிருக்கான், 5179, சரி. ரெண்டு தடவை கடன் வாங்கியிருக்கான். 846 ÷ 6 = 141, அதுவும் சரி.

எனக்கு எப்படி இது கண்ணுல படலைன்னே தெரியலை. தப்பையெல்லாம் எண்ணினேன். ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்துப் பார்க்கலை.

உறையூர்_கணக்கு | 15 ஜூன், மதியம் 1.20

மாத்தி எழுதி அனுப்பிட்டேன். அனுப்பினது இதுதான்:

"வணக்கம் அக்கா. நேற்று தம்பி பன்னிரண்டு கணக்குப் போட்டான், ஏழு சரி. வாய்ப்பாடு நன்றாக வருகிறது, கடன் வாங்கிக் கழிக்கவும் தெரிகிறது. தவறான ஐந்திலும் பூஜ்ஜியம் வருகிறது. அந்த ஒரு இடத்தில்தான் தடுமாறுகிறான். நோட்டுப் பக்கத்தின் படம் அனுப்பியிருக்கிறேன். முதலில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆறு வாரம் கழித்து இதே மாதிரி பன்னிரண்டு கணக்கு திரும்பக் கொடுத்து, எத்தனை சரி என்று சொல்கிறேன். மார்க் எவ்வளவு வரும் என்று இப்போதே சொல்ல முடியாது என்று அண்ணாவிடம் சொல்லுங்கள்.

திங்கள், புதன், வெள்ளி மாலை 5.45 முதல் 6.45 வரை எனக்கு வசதி. ஒரு வகுப்புக்கு 200 ரூபாய். பன்னிரண்டு வகுப்புக்கு 2,400, முதல் வகுப்பு அன்று தர வேண்டும். நேற்று எடுத்தது இதில் சேராது. நாள் மாற்ற வேண்டுமானால் சொல்லுங்கள்."

மூணு மாச அட்வான்ஸ் கேட்கலை. என்னை அவங்களுக்கு ஒரு மணி நேரம்தான் தெரியும்.

நாகர்கோவில்_அப்பா | 15 ஜூன், மாலை 4.00

நானும் இதேதான் கேக்கணும்னு இருந்தேன். மகளுக்கு வயலின் டிரையல் முடிஞ்சு பதினஞ்சு நாளாச்சு, வாத்தியார்கிட்ட இருந்து ஒரு பதிலும் இல்லை. நாமளா போன் பண்ணிக் கேக்கணுமா? கேட்டா ஃபீஸை ஏத்திருவாங்களோ?

ரெண்டு_பிள்ளை_அம்மா | 15 ஜூன், மாலை 4.25

அண்ணா, இவங்க டீச்சர். இங்க கேட்கிறது வேற. ஆனாலும் போன் பண்ணிடுங்க. பதினஞ்சு நாள்ல பிள்ளைக்கு ஆசையே போயிடும்.

உறையூர்_கணக்கு | 17 ஜூன், இரவு 8.10

பதில் வந்துடுச்சு. போட்டோவைப் பார்த்துட்டு அவங்க அப்பா உக்காந்து 618ஐத் தானே வகுத்துப் பார்த்தாராம். "பூஜ்ஜியம்தானா விஷயம், எனக்கும் சின்ன வயசுல இதே தகராறு"ன்னு சொன்னாராம். அம்மா அதை வாய்ஸ் மெசேஜா அனுப்பியிருந்தாங்க, பின்னாடி பையன் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

நாளும் ஒத்துவருது. செவ்வாய், வியாழன் அவனுக்கு இந்தி வகுப்பு. ஆகஸ்ட்ல பிராத்மிக் பரீட்சை இருக்கறதால அதை விட முடியாதாம். வேன் 4.50க்கு இறக்கி விடும், சாப்பிட்டு கொஞ்சம் விளையாடிட்டு வர 5.45 சரியா இருக்கும். நாளைக்கு, புதன்கிழமை, ஆரம்பம்.

ஃபீஸ்லதான் சிக்கல். 2,400 அதிகம்னு சொல்லலை. "மாசத்துக்கு இவ்வளவுன்னு சொல்லுங்க மிஸ், அஞ்சாம் தேதிக்குள்ள குடுத்துடுறோம். பன்னிரண்டு வகுப்புன்னா எப்போ முடியும்னு நாங்க எண்ணிக்கிட்டு இருக்கணுமே"ங்கிறாங்க. எது நல்லது?

கொங்கு_ட்யூட்டர் | 17 ஜூன், இரவு 8.40

ரெண்டும் ஒண்ணுதானுங்க. வாரம் மூணு, மாசம் நாலு வாரம், பன்னிரண்டு. மாசக் கணக்கே வைங்க, எண்ணுற வேலை மிச்சம்.

ரெண்டு_பிள்ளை_அம்மா | 17 ஜூன், இரவு 9.30

ஒண்ணு இல்லை சார். நானே இதுல மாட்டியிருக்கேன். வாரம் மூணுன்னா பன்னிரண்டு வகுப்பு சரியா இருபத்தெட்டு நாள்ல முடிஞ்சிடும். மாசம் அதைவிடப் பெருசு. வருஷத்துக்கு 52 வாரம், நாலு நாலா எடுத்தா 13 தடவை. மாசக் கணக்குன்னா 12 தடவைதான். 2,400 வச்சுப் பார்த்தா ஒண்ணு 31,200, இன்னொண்ணு 28,800. லீவு நாளைக் கழிச்சா வித்தியாசம் குறையும், ஆனா அப்படி ஒண்ணு இருக்குன்னு முன்னாடியே சொல்லிடணும்.

அதைவிடத் தேதிதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. நாளைக்கு ஆரம்பிச்சா ஃபீஸ் நாள் ஜூன் 18. அடுத்தது ஜூலை 16, அதுக்கடுத்தது ஆகஸ்ட் 13. மாசா மாசம் ரெண்டு மூணு நாள் முன்னாடி நகருது. எங்க வீட்ல சம்பளம் ஒண்ணாம் தேதி வரும், பதினஞ்சு தேதிக்கு மேல கையில எதுவும் நிக்காது. அதைப் போய் டீச்சர்கிட்ட சொல்லவும் கூச்சமா இருக்கும்.

கொங்கு_ட்யூட்டர் | 17 ஜூன், இரவு 9.50

சரிங்க, 13ங்கிறது நான் யோசிக்காத விசயம். அப்போ பத்து வருசமா ஒவ்வொரு வருசமும் ஒரு மாசக் காசை விட்டிருக்கேனுங்களா? வீட்ல சொன்னா இன்னைக்குச் சோறு கிடையாது.

ஆனா அட்வான்ஸ் விசயத்துல நான் மாறமாட்டேன். பின்னாடி வாங்கறதுன்னா ஒரு நாள் நிறுத்திட்டுப் போயிருவாங்க, போன் எடுக்க மாட்டாங்க. எனக்கு நடந்திருக்கு.

உறையூர்_கணக்கு | 18 ஜூன், இரவு 7.45

பேசி முடிச்சாச்சு. வகுப்பு முடிஞ்சதும் அவங்க வீட்டு தினசரி காலண்டர் தாள்ல ஒரு டிக், என் நோட்டுல ஒரு டிக். அஞ்சாம் தேதிக்குள்ள போன மாசத்து டிக்கை எண்ணி 200ஆல பெருக்கித் தருவாங்க. முன்பணம் கிடையாது. கொங்கு சார் சொல்ற பயம் எனக்கும் இருக்கு, ஆனா அதிகபட்சம் ஒரு மாசக் காசுதானே போகும்.

டிக்கை எண்ணிப் பெருக்குற வேலை பையனுக்குன்னு அம்மா சொல்லிட்டாங்க. பெருக்குறது 200ஆல, ரெண்டு பூஜ்ஜியம் இருக்கு. நல்லதாப் போச்சு.

காரைக்குடி_வாத்தியார் | 19 ஜூன், காலை 7.15

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பையன் ஆங்கில வழியா, தமிழ் வழியா?

"இருபதாயிரத்து முப்பத்தைந்து" என்று நீங்கள் தமிழில் சொல்லியிருந்தால், ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு எண் தெரியாமல் தவறியதா, சொல் தெரியாமல் தவறியதா என்று அந்த ஒரு கேள்வியை வைத்துச் சொல்ல முடியாது. "எண்பத்தேழு ரூபாய்" என்றால் முழிக்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். அதே எண்ணை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் எங்காவது பள்ளியில் வேலை பார்க்கிறீர்களா? கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28, ஆசிரியர் தனி ட்யூஷன் எடுக்கக்கூடாது என்கிறது. பள்ளியில் இல்லை என்றால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பெற்றோர் சிலர் கேட்பார்கள், அதனால் சொன்னேன்.

உறையூர்_கணக்கு | 20 ஜூன், இரவு 8.00

பள்ளியில இல்லைங்க ஐயா. எம்.எஸ்ஸி. முடிச்சிட்டு வீட்லதான் ட்யூஷன் எடுக்கறேன்.

ஆங்கில வழிதான். இன்னைக்கு "ட்வென்டி தவுசண்ட் தர்ட்டி ஃபைவ்"னு சொன்னேன். உடனே 20,035ன்னு எழுதிட்டான், கமாகூடப் போட்டான். இன்னும் மூணு எண் கேட்டேன், எல்லாம் சரி. அப்போ அவன் அஞ்சு தப்பு பண்ணலை, நாலுதான். அஞ்சாவது என் தப்பு. நான்தான் அவனுக்குப் புரியாத மொழியில கேட்டிருக்கேன்.

ஆனா அம்மாவுக்கு "ஐந்திலும்"னு எழுதிட்டேனே. விட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். ஆறு வாரம் கழிச்சு எண்ணிச் சொல்றேன்னு நானே சொல்லியிருக்கேன். அப்போ இந்த ஒண்ணு சும்மாவே சரியாகியிருக்கும், நான் சொல்லிக் குடுத்து வந்த மாதிரி கணக்குல சேர்ந்துடும். வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னு சொல்லிட்டு வந்தேன்: "அக்கா, ஒண்ணு என் தப்பு. அவனுக்கு எட்டு சரி, நாலு தப்புன்னு வச்சுக்கங்க." அவங்க, "தமிழ்ல எண் தெரியலைங்கிறது மட்டும் நல்ல விஷயமா மிஸ்? அதையும் சேர்த்துச் சொல்லிக்குடுங்க"ன்னாங்க. அதுவும் நியாயம். இனிமே வகுப்பு முடியும்போது அஞ்சு நிமிஷம் தமிழ் எண்.

உறையூர்_கணக்கு | 27 ஜூன், இரவு 9.15

எப்படிச் சொல்லிக் குடுக்கறீங்கன்னு தனிச் செய்தியில ஒருத்தர் கேட்டார், இங்கேயே எழுதிடறேன்.

வகுத்தலுக்குப் பேப்பரை வெட்டி நூறு, பத்து, ஒண்ணுன்னு நோட்டு மாதிரி பண்ணி வச்சேன். 618 ரூபாயை ஆறு பேருக்குப் பிரிக்கணும். நூறு ரூபாய் ஆறு இருக்கு, ஆளுக்கு ஒண்ணு. பத்து ரூபாய் ஒண்ணே ஒண்ணு இருக்கு, ஆறு பேருக்கு எப்படிக் கொடுப்பே? "யாருக்கும் கிடையாது"ன்னான். அப்போ பத்து ரூபாய் கட்டத்துல ஆளுக்கு எத்தனை? கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "ஜீரோ"ன்னான். அந்தப் பத்தைச் சில்லறையா மாத்தி எட்டோட சேர்த்தா பதினெட்டு, ஆளுக்கு மூணு. "பழைய விடையில ஆளுக்குப் பதிமூணு ரூபாதான் வருது, மீதியெல்லாம் நான் எடுத்துக்கிட்டேன்"னு அவனே சொல்லிச் சிரிச்சான்.

கழித்தலுக்கு ஐயா சொன்ன "பக்கத்து வீட்ல இல்லை"ங்கிற வழியை ஒரு நாள் எடுத்தேன், மூணு தடவை அடிச்சு எழுதறதுல குழம்பினான். அப்புறம் 4002ஐ நானூறு பத்து, ரெண்டு ஒண்ணுன்னு பார்க்கச் சொன்னேன். நானூறுல ஒண்ணைக் கடன் வாங்கினா 399. இந்தப் பக்கம் 12. பன்னிரண்டுல ஆறு போக ஆறு, 399ல 175 போக 224. விடை 2246. ஒரே அடியில முடிஞ்சது.

காரைக்குடி_வாத்தியார் | 28 ஜூன், காலை 7.00

399 வழி நல்ல வழி. ஆனால் பள்ளியில் அவன் ஆசிரியை ஒவ்வொன்றாக அடித்து எழுதச் சொன்னால் அங்கே குழம்புவானே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பள்ளியில் சொல்வது தவறு என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள், பெற்றோரிடமும்தான்.

உறையூர்_கணக்கு | 5 ஜூலை, காலை 10.10

ஜூன்ல ஆறு டிக். 1,200 வந்துடுச்சு. கூடவே பையன் கையெழுத்துல 6 × 200 = 1200ன்னு எழுதின தாளோட போட்டோ.

உறையூர்_கணக்கு | 23 ஜூலை, இரவு 7.30

இன்னைக்குக் காவிரிப் பாலத்துல நெரிசல்ல ஊர்ந்து போய்ச் சேர்ந்தா வீடு பூட்டியிருக்கு. போன் போட்டேன், "ஐயோ மிஸ், சொல்ல மறந்துட்டேன், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்"னாங்க. கோபப்பட முடியுமா? முடியலை. ஆனா போக வர ஒன்றரை மணி நேரம் போச்சு. இதுக்கு டிக் போடலாமா?

போன 9ஆம் தேதி பையனுக்குக் காய்ச்சல்னு காலையிலேயே சொல்லிட்டாங்க. அது டிக் இல்லை, அதுல எனக்குக் குழப்பமும் இல்லை.

கொங்கு_ட்யூட்டர் | 23 ஜூலை, இரவு 8.00

போடுங்க. ஆட்டோக்காரரை வாசல் வரைக்கும் வரச்சொல்லிட்டு வேண்டாம்னா சும்மா அனுப்புவாங்களா?

ரெண்டு_பிள்ளை_அம்மா | 23 ஜூலை, இரவு 8.20

முன்னாடி சொல்லாத விதியை இப்போ போட்டா மனசு கசந்து போகும். ஆஸ்பத்திரிக்கு ஓடுற நேரத்துல ட்யூஷன் ஞாபகம் வராது. இந்த ஒண்ணை விட்டுடுங்க, அடுத்த மாசத்துலேர்ந்து விதி வைங்க.

காரைக்குடி_வாத்தியார் | 24 ஜூலை, காலை 7.40

இருவரும் சொல்வது சரியாகத்தான் படுகிறது. நானாக இருந்தால் விட்டிருப்பேன். ஆனால் எனக்கு ஓய்வூதியம் வருகிறது, உங்களுக்கு இதுதான் வருமானம். என்னைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

உறையூர்_கணக்கு | 1 ஆகஸ்ட், இரவு 8.50

ஆறு வாரமாச்சு. இன்னைக்குப் பன்னிரண்டு கணக்கு, எண்களை மட்டும் மாத்திக் கொடுத்தேன். பூஜ்ஜியம் வர்றது அஞ்சு, வராதது ஏழு. எண் எழுதுறதை இந்தத் தடவை இங்கிலீஷ்லயே கேட்டேன்.

பூஜ்ஜியக் கணக்கு அஞ்சுல நாலு சரி. 5003 − 2487 = 2516, அழகா 499 வழியில போட்டான். 824 ÷ 8 = 103, சரி. 609 × 4 = 2436, அதுவும் சரி. எண்ணும் சரியா எழுதினான். 960 ÷ 3க்கு மட்டும் 32ன்னு நிறுத்திட்டான், கடைசிப் பூஜ்ஜியம் விட்டுப்போச்சு.

ஆனா என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேற. பூஜ்ஜியமே இல்லாத 756 ÷ 6க்கு 1026ன்னு எழுதியிருக்கான்! ஜூன்ல இந்த மாதிரி கணக்கைக் கண்ணை மூடிக்கிட்டு போட்டவன். ஏன்டா இங்க ஜீரோன்னு கேட்டா, "ஏழுல ஒரு தடவை போச்சு, மீதி ஒண்ணு. ஒண்ணுல ஆறு போகாது, அதான் ஜீரோ"ங்கிறான்.

நான் சொல்லிக் குடுத்ததுதான். "போகலைன்னா ஜீரோ"ன்னு போன ரெண்டு வாரமா மந்திரம் மாதிரி சொல்ல வச்சேன். நோட்டுக்காசை எடுத்து வச்சுட்டு வேகத்துக்குப் போனது அவசரம். ஆக பத்து சரி, ரெண்டு தப்பு, அதுல ஒண்ணு புதுசு. அம்மாவுக்கு எப்படிச் சொல்றது?

கொங்கு_ட்யூட்டர் | 1 ஆகஸ்ட், இரவு 9.10

எட்டு பத்தாச்சுன்னு மட்டும் சொல்லுங்க, அது பொய் இல்லையே. புதுத் தப்பை ஒரு வாரத்துல சரி பண்ணிருவீங்க. எதுக்குச் சொல்லிக் கலவரம்?

காரைக்குடி_வாத்தியார் | 2 ஆகஸ்ட், காலை 6.45

பயப்பட வேண்டாம், விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட பிள்ளை செய்கிற தவறுதான் இது. மீதி ஒன்றைப் பார்த்து "போகாது" என்கிறான். அடுத்த எண்ணை இறக்கிய பிறகுதான் அந்தக் கேள்வியையே கேட்க வேண்டும். இறக்கினால் பதினைந்து, பதினைந்தில் ஆறு போகும்.

விடைக்கு எத்தனை இடம் என்று வகுக்கும் முன்பே கோடு போடச் சொல்லுங்கள். 756இல் முதல் எண் ஏழு, ஆறைவிடப் பெரியது, ஆகவே விடைக்கு மூன்று இடம். மூன்று சிறு கோடு. ஒவ்வோர் எண்ணை இறக்கும்போதும் ஒரு கோடு நிரம்ப வேண்டும். 1026 எழுதப் போனால் நான்காவது எண்ணுக்கு இடமே இருக்காது. 960 ÷ 3க்கு 32 என்று நிறுத்தினால் ஒரு கோடு காலியாக நிற்கும். அவனுடைய இரண்டு தவறையும் அந்தக் கோடுகளே காட்டிக் கொடுத்துவிடும், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும். முதல் எண் சிறியதாக இருந்தால், 156 ÷ 6 போல, ஒரு கோடு குறையும். அதை ஒரு வாரம் கழித்துச் சொல்லுங்கள், இப்போதே வேண்டாம்.

புதுத் தவறைச் சொல்லிவிடுங்கள். நோட்டு அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.

உறையூர்_கணக்கு | 6 ஆகஸ்ட், இரவு 9.30

ஐயா, கோடு வேலை செய்யுது. திங்கள் எட்டு கணக்கு, இன்னைக்கு எட்டு. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு தப்பு, அதையும் கோடு காலியா இருக்கறதைப் பார்த்து அவனே அழிச்சு எழுதினான்.

ஜூலை டிக் 11, நேத்து 2,200 வந்தது. பூட்டியிருந்த நாளுக்கு நான் டிக் போடலை, அவங்களும் அதைப் பத்தி எதுவும் கேட்கலை. அது எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்துது, மறைக்க விரும்பலை.

இந்த மாசத்துல 13 வகுப்பு வருது. அதுல 15ஆம் தேதி வெள்ளி சுதந்திர தினம், 27 புதன் விநாயகர் சதுர்த்தி, ஆக 11. ஆடிப்பெருக்கு நல்லவேளை ஞாயிற்றுக்கிழமையா வந்துச்சு, இல்லேன்னா அம்மா மண்டபம் பக்கம் வண்டி நகர்ந்திருக்காது.

இப்போ அனுப்பினது:

"வணக்கம் அக்கா. ஆறு வாரத்தில் எட்டு சரியாக இருந்தது பத்தாகியிருக்கிறது. பூஜ்ஜியம் உள்ள கழித்தலும் பெருக்கலும் இப்போது வந்துவிட்டன. வகுத்தலில் இரண்டு தவறு: ஒன்று கடைசிப் பூஜ்ஜியத்தை விடுகிறான். இன்னொன்று புதிது, தேவையில்லாத இடத்தில் பூஜ்ஜியம் வைக்கிறான். அது நான் விதியை அவசரமாகச் சொல்லிக்கொடுத்ததால் வந்தது. விடைக்கு முன்பே கோடு போடச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் அவன் கணக்குப் போடும்போது கோடு போட்டிருக்கிறானா என்று மட்டும் பாருங்கள், விடையைச் சரிபார்க்க வேண்டாம்.

இந்த மாதம் 15, 27 விடுமுறை. 11 வகுப்பு. ஒரு சிறு விண்ணப்பம்: வகுப்பு வேண்டாமென்றால் அன்று மதியம் 2 மணிக்குள் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு என்றால் அதையும் ஒரு வகுப்பாக எண்ணிக்கொள்ளலாமா? காய்ச்சல், ஆஸ்பத்திரி என்றால் எண்ண வேண்டாம். நானே வர முடியாமல் போனால் 2 மணிக்குள் சொல்லிவிடுவேன், சனிக்கிழமை ஈடு செய்வேன்."

ரெண்டு_பிள்ளை_அம்மா | 6 ஆகஸ்ட், இரவு 9.50

"காய்ச்சல், ஆஸ்பத்திரி என்றால் எண்ண வேண்டாம்"ங்கிறது நல்லா இருக்கு. ஆனா திடீர்னு சொந்தக்காரங்க வந்துட்டா எந்தக் கணக்கு? எங்க வீட்ல அதுதான் அதிகம்.

நாகர்கோவில்_அப்பா | 7 ஆகஸ்ட், காலை 8.00

வயலின் வாத்தியாருக்கு ஜூன்லயே போன் பண்ணிட்டேன். நான் கூப்பிடுவேன்னு அவர் காத்துக்கிட்டு இருந்திருக்கார். சனி, ஞாயிறு போறா. சும்மா கேக்கறேன், வயலினுக்கும் இப்படி ஆறு வாரம் கழிச்சுப் பார்க்கறதுக்கு ஏதாவது வழி இருக்கா? அவர் "கேட்டா உங்களுக்கே தெரியும்"ங்கிறார். எனக்குத் தெரியலை.

உறையூர்_கணக்கு | 8 ஆகஸ்ட், இரவு 7.50

அக்கா பதில்: "சரி மிஸ், 2 மணி. கோடு போடலைன்னா அவன் தங்கச்சியே சத்தம் போடுறா." தங்கச்சி மூணாம் வகுப்பு. அவளுக்கும் ஒரு டிரையல் எடுக்க முடியுமான்னு கேட்டிருக்காங்க. திங்கள், புதன், வெள்ளியில எனக்கு 6.45க்கு மேல இடம் இல்லை, ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சா அவனுக்குப் பாதி நேரம்தான் கிடைக்கும். செப்டம்பர் காலாண்டு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்னு எழுதியிருக்கேன்.